இருபத்து மூன்று இலக்கங்கள்

வங்கியின் காசோலைப் பிரிவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே வேலை. காசோலையின் அடியில் ஓடும் வரியை வாசிக்க முடியாமல் இயந்திரம் துப்பியதை, அவள் கண்ணால் பார்த்துக் கையால் அடித்துக் கொடுக்க வேண்டும். திரைப் பக்கம் முகம் இருக்கும், விரல்கள் பாட்டுக்கு எண் பலகையில் ஓடும். பக்கத்து நாற்காலிக்காரி அரை டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் மின்னல் அறுபது காசோலையைத் தாண்டியிருப்பாள்.

கேட்பவர்களுக்கு இது ஒரு வேலையா என்றுதான் தோன்றும். அவளுடைய மாமியாரே கல்யாணமான புதிதில், "நாள் பூரா ஒண்ணு ரெண்டு மூணுன்னு அடிக்கவா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டவர்தான். மின்னல் சிரித்துக்கொண்டு, "ஆமாங்க அத்தை, நாலு அஞ்சும் உண்டு" என்றாள்.

அந்தப் புதன்கிழமை காலையிலிருந்தே இயந்திரம் முரண்டு பிடித்தது. அந்த வரியை அச்சடிக்கும் மையில் இரும்புத் துகள் கலந்திருக்கும். காசோலை உள்ளே போனதும் இயந்திரம் அந்த மைக்குக் காந்தம் ஏற்றும், பிறகு ஒவ்வொரு எண்ணையும் அதன் காந்த அலையை வைத்துக் கண்டுபிடிக்கும். வாசிக்கும் தலையில் கொஞ்சம் தூசு படிந்தாலும் ஒன்றிரண்டு எண்கள் விட்டுப்போகும். அன்றைக்குத் தூசுதான். நூறு போனால் பத்து திரும்பி வந்தது. சுத்தம் செய்யும் ஆள் மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை.

மூணே முக்காலுக்கு ஒரு காசோலை வந்தது. வழக்கமாக ஒரு எண்ணோ இரண்டு எண்ணோதான் கேள்விக்குறியாக இருக்கும். இதில் வரி முழுக்கக் கேள்விக்குறி. இருபத்து மூன்று இலக்கத்தில் ஒன்றைக்கூட இயந்திரம் வாசிக்கவில்லை.

மின்னல் கையைத் தூக்கினாள். சூப்பர்வைசர் இரண்டு மேசை தள்ளி நின்று யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல வரி மொத்தமும் போயிருக்கு. பேப்பரை எடுத்துப் பாக்கணும்."

"எத்தனை எழுத்து?"

"எல்லாமே, சார்."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். திரையில் தெரிந்தது அடிவரியின் படம் மட்டும்தான். யார் பெயர், எவ்வளவு தொகை, யார் கையெழுத்து என்பதெல்லாம் அவள் திரைக்கு வராது. எண்கள் கறுப்பாக, கொழுகொழுவென்று, வழக்கமான அந்தக் கோணல் வடிவத்தில் இருந்தன.

"படம் பளிச்சுன்னு இருக்கேம்மா. மெஷின் தலையில தூசு. காலையிலேர்ந்து இதே ரோதனைதானே. நாலு மணிக்கு அனுப்பியாகணும். நம்ம பேங்க் செக்தான், அடிச்சு விடு."

"மூணு எழுத்துக்கு மேல போனா நிறுத்தி வைக்கணும்னு..."

"அடிம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் அடித்தாள். இருபத்து மூன்று இலக்கமும் ஆறு விநாடிதான் ஆகியிருக்கும். நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கட்டு போய்ச் சேர்ந்தது. சூப்பர்வைசர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

மறுநாள் காலை அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது சித்தியிடமிருந்து போன் வந்தது. அம்மா போன பிறகு அவளை எட்டு வயதிலிருந்து வளர்த்தது சித்திதான். மருத்துவமனையில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். லேசில் பதறுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அம்மாடி, என் கணக்குல பணம் இல்லடி."

"என்ன சித்தி சொல்றீங்க?"

"நேத்து சாயங்காலமே மெசேஜ் வந்திருக்கு. நான் இப்பத்தான் பாத்தேன். நானூத்திப் பதினெட்டாம் நம்பர் செக்குக்குப் பணம் கொடுத்தாச்சாம். நான் யாருக்கும் செக் எழுதலயே!"

மின்னல் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினாள். சித்தி வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, படி குறுகல், ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது செருப்பு ஸ்டாண்ட் வைத்திருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து அவர் அந்தப் படியில் இறங்கியதே இல்லை. ஒரே ஒரு முறை பரிசோதனைக்காக நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சரிந்து, தலை சுவரில் மோதி, பாதியில் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து, நாளெல்லாம் ஜன சமுத்திரத்தில் நின்ற மனுஷர். இப்போது ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

அதற்காகத்தான் சித்தி தன் ஓய்வுப் பணத்தை அப்படியே தொடாமல் வைத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீடு. வாசலில் படியே இல்லை, சக்கர நாற்காலி நேராகத் தெருவுக்கு உருண்டுவிடும். விலை பேசி முடித்தாகிவிட்டது. சனிக்கிழமை முன்பணம் கொடுப்பதாக வாக்கு.

சித்தி காசோலைப் புத்தகத்தைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். சித்தப்பா தலையணையில் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க பாரு. நானூத்திப் பதினெட்டு இங்கயே இருக்கு. கிழிக்கவே இல்ல. அப்புறம் எந்தப் பதினெட்டுக்குப் பணம் கொடுத்தாங்க?"

மின்னல் தாளைப் பார்த்தாள். வழவழவென்று, மடிப்புகூடப் படாமல் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.

"ஒரே நம்பர்ல ரெண்டு செக் இருக்க முடியாது சித்தி. யாரோ இதே மாதிரி ஒண்ணு செஞ்சிருக்காங்க."

"எப்படிச் செய்ய முடியும்? தாளே என்கிட்ட இருக்கே."

"தாள் வேணாம். கீழே இருக்கிற வரி தெரிஞ்சாப் போதும்."

"அதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு? இத்தனை வருஷமா அது ஏதோ டிசைன்னு நினைச்சிட்டு இருக்கேன்."

மின்னல் விரலை வரியின் இடது முனையில் வைத்தாள். "இதோ முதல் ஆறு எண், செக் நம்பர். சைபர் சைபர் சைபர் நாலு ஒண்ணு எட்டு. புத்தகத்துல இது மட்டும்தான் தாளுக்குத் தாள் மாறும். அடுத்தது ஒம்பது எண், மூணு மூணாப் பிரிச்சுப் படிக்கணும். ஒம்பது ஒண்ணு நாலு, இது ஊரு. ஒம்பது ஏழு ஒண்ணு, இது எங்க பேங்க். சைபர் மூணு ஆறு, இது உங்க கிளை. இந்த ஒம்பதைப் பாத்தே செக் எங்க போகணும்னு மெஷின் பிரிச்சிடும்."

"சரி."

"அதுக்கப்புறம் ஆறு எண். உங்க கணக்கைக் காட்டுறது. முழு கணக்கு நம்பர் நீளமா மேலே இருக்கும், இங்க ஆறுதான் அச்சடிப்பாங்க. ரெண்டு ஒம்பது சைபர், ஏழு ஏழு..."

அவள் குரல் நின்றது.

ஏழு ஏழு மூன்று. கட்டிலின் விளிம்பில் இருந்த வலது கை, தானாக, அந்த எண்களை அடித்துப் பார்த்தது. நேற்று அவள் இருநூறு காசோலைக்கு மேல் சரி செய்திருந்தாள். மற்றதிலெல்லாம் ஒரு எண், இரண்டு எண். முழு வரியையும் அடித்தது ஒரே ஒரு காசோலைக்குத்தான். ஏழாம் எண்ணை இரண்டு தரம் தட்டிவிட்டு விரல் மூன்றுக்கு இறங்கியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல சித்தி. கடைசி ரெண்டு எண், பத்து. எந்த வகைக் கணக்குன்னு சொல்றது. உங்களோடது சேமிப்புக் கணக்கு, அதனால பத்து."

சித்தி புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நர்ஸ் அல்லவா, எதையும் குறித்து வைக்கும் கை. நானூற்றுப் பதினைந்து, பதினாறு, பதினேழு, மூன்றுமே ரத்து என்று எழுதியிருந்தது. ஒன்று காப்பீட்டுக்காரருக்கு. ஒன்று சக்கர நாற்காலி விற்றவருக்கு. ஒன்று வீட்டுத் தரகருக்கு. கணக்கு விவரத்துக்காகக் கேட்டவர்களுக்கெல்லாம், குறுக்கே இரண்டு கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"ரத்துன்னு எழுதிக் கொடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க?"

ரத்து செய்த தாளிலும் அடிவரி அப்படியேதான் இருக்கும். ஊர், வங்கி, கிளை, கணக்கு, வகை. முதல் ஆறு எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டால் அடுத்த காசோலை தயார். கையெழுத்தைப் பார்த்துப் போட, கூடவே கொடுத்த விண்ணப்பத் தாள் இருக்கிறது. மூன்று பேரில் எவன் கையிலிருந்து போனது, அல்லது அவர்களிடமிருந்து நாலாவதாக எவன் கைக்குப் போனது, எந்தச் சாமிக்குத் தெரியும்?

சித்தப்பா குழறலாக ஏதோ கேட்டார். சித்தி அவர் வாயருகே குனிந்துவிட்டு நிமிர்ந்தாள். "சனிக்கிழமைக்குள்ள வந்துடுமான்னு கேக்கறார்."

மின்னலால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லீவு சொல்லியிருந்த அலுவலகத்துக்கே போய், முந்தின நாள் பதிவைத் திறந்தாள். மூணு நாற்பத்தேழு. எழுத்துகள் இருபத்து மூன்று. கையால் அடித்தவர் என்ற இடத்தில் அவளுடைய எண். சூப்பர்வைசர் சொன்னதற்கு எங்கும் ஒரு புள்ளிகூடப் பதிவாகியிருக்கவில்லை. அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்க சித்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. பேங்க் எப்படியும் பணத்தைக் கொடுத்துடும்" என்றார்.

கொடுக்கவில்லை. கிளை மேலாளர் தங்கமான மனுஷர், நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துத்தான் சொன்னார். கையெழுத்து ஒத்துப்போகிறது. எண்கள் ஒத்துப்போகின்றன. பணம் வாங்கிய கணக்கு போன வாரம் திறந்தது, அன்று மாலையே துடைத்து எடுத்துவிட்டார்கள். போலீஸ் விசாரித்ததில் அந்தக் கணக்கு ஒரு கூலித் தொழிலாளியின் பெயரில் இருந்தது. வேலை வாங்கித் தருகிறேன் என்று எவனோ தன் காகிதங்களை வாங்கிப் போனதாக அவர் அழுதார். புத்தகத்தில் தாள் இருக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் வங்கிக்கு வந்தது போலி என்று நிரூபணமாகும் வரை தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்றார் மேலாளர்.

சனிக்கிழமை வந்தது. வீட்டுக்காரர் திங்கள்வரை பொறுத்தார். திங்களன்று தரகர் போன் செய்து, வேறு ஆள் முழுப் பணத்தோடு வந்துவிட்டதாகச் சொன்னார். சித்தி சரி என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள். சித்தப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. இருந்தும் அன்றிலிருந்து அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அது மின்னலுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. படம்தான் ஊர் ஊராகப் போகிறது, தாள் போவதில்லை. டெபாசிட் செய்த தாள் பெட்டியில் கட்டி காசோலைப் பிரிவின் கிடங்கிலேயே இருக்கும். அதை எடுத்துச் சுத்தம் செய்த இயந்திரத்தில் ஓட்டினால் தெரிந்துவிடும். சாதாரண அச்சு மையில் காந்தம் ஏறாது. படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இயந்திரத்துக்கு அது வெள்ளைத் தாள்தான். ஆனால் அதையே யார் பார்த்தாலும் இன்னொன்றும் சேர்ந்து தெரியும். இயந்திரம் அன்றைக்கே சொல்லியிருக்கிறது. அதன் வாயை மூடியது ஒரு கை.

பதினொரு நாள் யோசித்தாள். பன்னிரண்டாம் நாள் வங்கியின் விசாரணை அதிகாரிக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள்: தாளை எடுத்து மறுபடி ஓட்டுங்கள், அன்று அந்த வரியை அடித்தது நான்தான்.

விசாரணைக்கு முந்திய நாள் சித்தியிடம் சொன்னாள். சொல்லும் இடம்கூட நல்லதாக அமையவில்லை. சித்தி காய்கறிப் பையோடு இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, அந்த செக்கை உள்ள அனுப்பினது நான்தான்."

சித்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையின் பிடியை நீவினாள்.

"உனக்கு என் பேரு தெரியலயா அதுல?"

"எனக்கு நம்பர் மட்டும்தான் காட்டும் சித்தி."

"நம்பர்..." என்றாள் சித்தி. கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியின் சீட்டைப் படிப்பது போலச் சொன்னாள். "தப்புன்னு தெரிஞ்சும் அடிச்சியா?"

"சந்தேகமா இருந்துச்சு. கேட்டேன். அடின்னார். அடிச்சிட்டேன்."

சித்தி எழுந்து மேலே ஏறினாள். பையை அவளிடம் கொடுக்கவில்லை. அவளும் கேட்கத் துணியாமல் இரண்டு படி பின்னால் வந்தாள்.

விசாரணை காசோலைப் பிரிவிலேயே நடந்தது. அதிகாரி ஒல்லியான அம்மாள், கழுத்தில் சங்கிலியோடு கண்ணாடி. சித்தி தன் புத்தகத்தோடு வந்திருந்தாள். முதலில் சித்தியின் நிஜத் தாளை, நானூற்றுப் பதினெட்டைக் கிழித்து இயந்திரத்தில் விட்டார்கள். சரக்கென்று போய், இருபத்து மூன்று இலக்கமும் திரையில் வரிசையாக வந்து நின்றன. பிறகு பெட்டியிலிருந்து எடுத்த தாள். சரக். வரி முழுக்கக் கேள்விக்குறி. மறுபடி விட்டார்கள். மறுபடியும் அதே கேள்விக்குறிகள்தான். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸால் பார்த்தார். போலித் தாளில் எண்களின் ஓரம் பொடிப்பொடியாகச் சிதறியிருந்தது.

"போலிதான், சந்தேகமே இல்ல" என்றார். சித்தியின் தோள் இறங்கியது. உடனே அதிகாரி மின்னல் பக்கம் திரும்பினார். "அன்னைக்கும் இப்படித்தானே வந்தது?"

"ஆமாங்க மேடம்."

"முழு வரியும் போனா என்ன விதி?"

"தாளை எடுத்துப் பாக்கணும். பாக்காம அடிக்கக் கூடாது."

"யார் அடிக்கச் சொன்னது?"

மின்னல் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வேலை ஜாஸ்தி மேடம். நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல" என்றார்.

பொய் என்று அவள் கத்தியிருக்கலாம். கத்தினால் அவள் சொல்லுக்கு எதிராக அவர் சொல், அவ்வளவுதான். அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது சூப்பர்வைசர் படியருகே காத்திருந்தார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா" என்று ஆரம்பித்தார். அவள் நிற்காமல் போய்விட்டாள். மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போன மாதம் அவர் அலைந்தது அவளுக்கும் தெரியும். அது தெரியாமல் இருந்திருந்தால் வெறுக்கவாவது சுலபமாக இருந்திருக்கும்.

மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நாற்காலியில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள். சித்தியின் பணம் வர ஏழு மாதம் ஆனது. இடையில் நாலு படிவம், இரண்டு உறுதிமொழிப் பத்திரம், காணாமல் போய்க் கிடைத்த ஒரு கோப்பு. ஒவ்வொரு முறையும் கூட வரிசையில் நின்றது மின்னல்தான். சித்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பழையபடி அம்மாடி என்று கூப்பிட மட்டும் ஐந்தாவது மாதம் ஆனது. அதுவும் வரிசையில் முன்னால் நகரச் சொல்வதற்காகத்தான்.

பணம் வந்த அன்று மின்னல் மூன்று வீடுகளின் விவரத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். எல்லாம் தரைத்தளம். இரண்டுக்கு அந்தப் பணம் போதாது, விலை ஏறியிருந்தது. மூன்றாவது ஊருக்கு வெளியே இருந்தாலும் வாசலில் படி இல்லை. கட்டிலருகே உட்கார்ந்து சித்தப்பாவிடம் ஆசையாக விவரித்தாள். வாசலுக்கு நேர் எதிரே பேருந்து நிற்கும் என்றாள்.

அவர் கடைசி வரை கேட்டார். பிறகு தலையை மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்தார். அவர் குழறியது அவளுக்குப் புரியவில்லை.

சித்தி துணியை மடித்தபடியே சொன்னாள். "போன மாசம் நல்ல காலும் மரத்துப் போச்சு. டாக்டர் வந்து பாத்தார். இனிமே அசைக்காம இருக்கிறதுதான் நல்லதுன்னு சொல்லிட்டார். உன்கிட்ட சொல்லவேணாம்னு இவர்தான் சொன்னார்."

மின்னல் கையிலிருந்த தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சித்தப்பா தன் நல்ல கையை நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து அவள் மணிக்கட்டின்மேல் வைத்தார். எதிர்வீட்டுத் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. "யாராவது மோட்டாரை அணைங்கப்பா" என்று சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.